கெட்டிமேளம் லைவ்வில் மட்டும் ஏன் கரகரக்கிறது? மண்டப மிக்சரை லேப்டாப், செல்போனில் இணைப்பது எப்படி?

முகூர்த்தம் காலை 7.30-க்கு என்றால், லைவ் லிங்க் முந்தின நாள் ராத்திரியே குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துவிடுகிறது. விசா கிடைக்காத அண்ணன், முட்டி வலியால் பயணம் செய்ய முடியாத பாட்டி, பரீட்சை எழுதும் பிள்ளையோடு வீட்டில் தங்கிவிட்ட சித்தி என எல்லோரும் அதில்தான் கல்யாணம் பார்க்கிறார்கள். படம் பளிச்சென்று தெரிகிறது. குரூப்பில் வரும் மெசேஜோ வேறு மாதிரி: "சவுண்ட் கிணத்துக்குள்ள இருந்து வருது", "ஐயர் சொல்றது ஒண்ணும் புரியல", "மேளம் வந்தா காது கிழியுது".

இத்தனைக்கும் மண்டபத்தில் நல்ல மைக் செட் இருக்கிறது. ஐயர் முன்னால் மைக் இருக்கிறது, நாதஸ்வரத்துக்கும் ஒரு மைக் இருக்கிறது. அந்த ஒலி எல்லாம் மேடை ஓரத்தில் உள்ள மிக்சருக்குச் சுத்தமாகவே வந்து சேர்கிறது. ஆனால் லைவ் போடும் செல்போன் அதை மிக்சரில் இருந்து எடுப்பதில்லை. ஸ்பீக்கர் வழியாக மண்டபத்துக்குள் போய், சுவரிலும் கூரையிலும் மோதி, 300 பேரின் பேச்சோடு கலந்து வருவதைத்தான் தன் குட்டி மைக்கால் பிடிக்கிறது. ஐயரின் வாய்க்கும் அவருடைய மைக்குக்கும் இடையே ஒரு ஜாண்தான். அவருக்கும் டிரைபாடில் நிற்கும் செல்போனுக்கும் இடையே 15 மீட்டர் இருக்கலாம். எவ்வளவு விலை உயர்ந்த போனாக இருந்தாலும் இந்தத் தூரத்தை அதனால் ஈடுகட்ட முடியாது.

தீர்வு, மிக்சரில் இருந்து ஒரு கேபிளை நேராக லேப்டாப்புக்கோ போனுக்கோ கொண்டுவருவது. கேட்கச் சுலபம்தான். ஆனால் எந்த ஓட்டையில் இருந்து எடுத்து எந்த ஓட்டையில் சொருகுவது என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

மிக்சரின் எந்த சாக்கெட்?

முதலில் தொடவே கூடாத இடம் ஒன்று உண்டு. பல மண்டபங்களிலும் கோயில்களிலும் தனி மிக்சர் இருக்காது. மிக்சரும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில் இருக்கும். அதன் பின்பக்கம் காம், 4 ஓம், 8 ஓம், 70 வோல்ட், 100 வோல்ட் என்று எழுதிய திருகு முனைகள் வரிசையாக இருக்கும். அவை ஸ்பீக்கருக்கும் குழாய் ஒலிபெருக்கிக்கும் போகிற முனைகள். 250 வாட் ஆம்ப்ளிஃபயர் முழு வேகத்தில் ஓடும்போது 8 ஓம் முனையிலேயே சுமார் 45 வோல்ட் இருக்கும். லேப்டாப் எதிர்பார்ப்பது அதிகபட்சம் ஓரிரு வோல்ட். அங்கிருந்து ஒயர் எடுத்தால் ஒலி கெடுவதோடு நிற்காது, லேப்டாப்பும் போய்விடும். அதே பெட்டியில் லைன் அவுட் அல்லது ப்ரீ-ஆம்ப் அவுட் என்று ஒரு சாக்கெட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அதுதான் நமக்கானது.

தனி மிக்சர் இருக்கும் மண்டபத்தில் வேலை எளிது. அதில் பொதுவாக மூன்று வாய்ப்புகள் இருக்கும். மெயின் அவுட், ஏற்கெனவே ஆம்ப்ளிஃபயருக்குப் போய்க்கொண்டிருக்கும். அதைக் கழற்றச் சொன்னால் மைக் செட் அண்ணன் முறைப்பார், அவர் முறைப்பதில் நியாயமும் உண்டு. ரெக் அவுட் அல்லது டேப் அவுட் என்பது பழைய கேசட் ரிக்கார்டருக்காக வைத்த ஆர்சிஏ ஜோடி. மண்டபத்துக்குப் போகும் அதே கலவை அதிலும் கிடைக்கும். மூன்றாவது, ஆக்ஸ் சென்ட். மேடையில் பாடுகிறவருக்குத் தனி மானிட்டர் ஸ்பீக்கர் வைப்பதற்காக ஏற்பட்டது இது. ஒவ்வொரு மைக்கிலும் அதற்கென ஒரு குமிழ் இருக்கும். எந்த மைக் எவ்வளவு அதில் போக வேண்டும் என்பதை மண்டபத்துச் சத்தத்தைத் தொடாமலே தனியாக முடிவு செய்யலாம்.

மேடைப் பேச்சு மட்டும் உள்ள நூல் வெளியீட்டு விழாவுக்கு ரெக் அவுட் போதும். கல்யாணத்துக்கு ஆக்ஸ்தான் சரி. காரணம் தவில்.

யோசித்துப் பாருங்கள். தவில் மைக் இல்லாமலேயே மண்டபம் முழுக்கக் கேட்கும் வாத்தியம். அதனால் மைக் செட்காரர் அதற்கு மைக் வைக்கவே மாட்டார், வைத்தாலும் ஒலியைக் குறைத்தே வைத்திருப்பார். மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் ரெக் அவுட்டில் இருந்து எடுத்த லைவ்வில் தவில் எங்கோ பக்கத்துத் தெருவில் வாசிப்பது போல இருக்கும். மண்டபத்துக்கான கலவை வேறு, லைவ்வுக்கான கலவை வேறு.

ஆகவே முந்தின நாளே அவரிடம் போய், "அண்ணே, லைவ்வுக்கு ஒரு ஆக்ஸ் அவுட் ஃப்ரீயா கிடைக்குமா? ப்ரீ ஃபேடரா போஸ்ட் ஃபேடரா?" என்று கேட்டுவிடுவது நல்லது. முகூர்த்தத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் கேட்டால் கிடைக்கிற பதில் வேறு மாதிரி இருக்கும். ப்ரீ ஃபேடர் என்றால், அவர் மண்டபத்துக்காக மைக்கின் நெம்புகோலை ஏற்றி இறக்கினாலும் லைவ்வுக்குப் போகும் அளவு மாறாது. போஸ்ட் ஃபேடர் என்றால் கூடவே மாறும். ப்ரீ ஃபேடரே வசதி. ஆனால் அதில் ஒரு வம்பும் உண்டு. அவர் நெம்புகோலைக் கீழே இறக்கிவிட்டு "மைக் ஆஃப்" என்று நினைத்துக்கொண்டிருக்க, சமையல்காரர் பில் பற்றி மேடையில் நடக்கும் வாக்குவாதம் டொரண்டோ வரை போகும். மியூட் பட்டனை அழுத்தினால் ஆக்ஸிலும் ஒலி நிற்கிறதா என்று முன்கூட்டியே ஒரு தடவை சோதித்துவிட வேண்டும்.

லேப்டாப்பில் நேராகச் சொருகினால் என்ன?

இங்கேதான் கரகரப்பு பிறக்கிறது. மிக்சரில் இருந்து வெளியே வரும் மின்னழுத்தத்தை லைன் லெவல் என்கிறார்கள். சாதாரணமாக அது 0.3 வோல்ட்டில் இருந்து 1.2 வோல்ட் வரை. லேப்டாப்பிலும் போனிலும் இருக்கும் 3.5 எம்எம் துளை ஹெட்செட்டுக்கானது. அதன் மைக் முனை எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட், அதாவது நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. குடிநீர்க் குழாயில் தீயணைப்பு வண்டியின் ஹோஸைச் சொருகினாற்போல என்று வைத்துக்கொள்ளலாம். ஐயர் மெதுவாக மந்திரம் சொல்லும்போது எப்படியோ சமாளிக்கும். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றதும் அலையின் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் வெட்டுப்பட்டு 'கர்ர்ர்' என்று வரும். தாலி கட்டும் அந்த அரை நிமிஷத்தைத் திரும்ப நடத்தச் சொல்ல முடியாது. வெட்டுப்பட்ட ஒலியை எந்த எடிட்டிங்கிலும் முழுசாக மீட்கவும் முடியாது.

செல்போனில் இன்னொரு குழப்பம் உண்டு. ஹெட்செட் துளையில் எதைச் சொருகினாலும், மைக் முனையில் மைக்குக்கு உரிய மின்தடை இருக்கிறதா என்று போன் முதலில் பார்க்கும். மிக்சரில் இருந்து வரும் சாதாரண ஒயரில் அது இருக்காது. அதனால் இது வெறும் ஹெட்போன் என்று முடிவு செய்து, போன் தன் சொந்த மைக்கையே தொடர்ந்து பயன்படுத்தும். கேபிள் சொருகியிருக்கிறது, லைவ்வும் ஓடுகிறது, ஆனால் வருவது பழைய கிணற்றுச் சத்தம்தான். கண்டுபிடிப்பது சுலபம்: போனின் அடிப்பக்கத்தை நகத்தால் தட்டிப் பாருங்கள். அந்த 'டக் டக்' லைவ்வில் கேட்டால், கேபிள் சும்மா தொங்குகிறது என்று அர்த்தம்.

இரண்டு சிக்கலுக்கும் ஒரே மருந்து, லைன் இன் உள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ். கைக்கு அடக்கமான பெட்டி, ஒரு பக்கம் மிக்சரில் இருந்து ஒயர், மறுபக்கம் யுஎஸ்பி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரியான இடங்களில் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி சவுண்ட் கார்டுகளில் பெரும்பாலும் மைக் துளைதான் இருக்கும், லைன் இன் இருக்காது. அதை வாங்கினால் பழைய கதையே. டைப்-சி ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் ஓடிஜி கனெக்டர் மூலம் இதே பெட்டி வேலை செய்யும். ஆனால் லைவ் போடும் ஆப் யுஎஸ்பி ஒலியை எடுக்கிறதா என்பதை அதே நகச் சோதனையால் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். சார்ஜிங் துளையை இன்டர்ஃபேஸ் பிடித்துக்கொள்வதால், மூன்று மணி நேர விழாவுக்கு பேட்டரி தாங்குமா என்பதையும் யோசிக்க வேண்டும். சார்ஜும் ஏற்றக்கூடிய ஓடிஜி ஹப் கிடைக்கிறது.

புது மிக்சர்களில் யுஎஸ்பி துளையே இருக்குமே என்று கேட்கலாம். இரண்டு வகை உண்டு. பென் டிரைவ் சொருகும் தட்டையான துளை பெரும்பாலும் பாட்டுப் போடவும் பதிவு செய்யவும் மட்டும்தான். பிரிண்டரில் இருப்பது போன்ற சதுரத் துளை இருந்தால், வழக்கமாக அது கம்ப்யூட்டரோடு பேசக்கூடியது. அப்போது தனி இன்டர்ஃபேஸ் தேவைப்படாது. ஆனால் அதில் வருவது மெயின் கலவையா, ஆக்ஸா என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

எங்களுக்கு கேட்குது, அவங்களுக்கு கேட்கலையே!

மைக் செட்காரர்களையே குழப்பும் கோளாறு இது. லேப்டாப்பில் ஹெட்போன் மாட்டிக் கேட்டால் ஒலி நன்றாக இருக்கிறது. மீட்டரும் ஆடுகிறது. ஆனால் வீட்டில் செல்போன் ஸ்பீக்கரில் பார்க்கும் பாட்டிக்கு ஒன்றுமே கேட்கவில்லை, அல்லது ஓட்டைத் தகரத்தில் பேசுவது போலக் கேட்கிறது. நெட்வொர்க் பிரச்சினை என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

குற்றவாளி, கேபிள். மிக்சரின் மெயின் அவுட்டும் ஆக்ஸ் அவுட்டும் பல மாடல்களில் பேலன்ஸ்டு வகை. கேனன் பின்னிலோ, மூன்று பட்டை உள்ள பி-38 பின்னிலோ ஒரே ஒலி இரண்டு கம்பிகளில் போகும். ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் போகும். நீளமான ஒயரில் இரைச்சல் ஏறாமல் இருக்கச் செய்த நல்ல ஏற்பாடு அது. கடையில் கிடைக்கும் ஸ்டீரியோ ஒயரால் இதை இன்டர்ஃபேஸில் இணைத்தால், நேரான ஒலி இடப்பக்கமும் தலைகீழ் ஒலி வலப்பக்கமும் போய்ச் சேரும். ஹெட்போனில் ஒவ்வொரு காதுக்கும் ஒன்று போவதால் தப்பு பளிச்சென்று தெரியாது. ஒரே ஸ்பீக்கர் உள்ள போனோ, இடது வலதைக் கூட்டித்தான் ஒலிக்கும். ஒன்றையும் மைனஸ் ஒன்றையும் கூட்டினால் சைபர்.

ஓபிஎஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். ஒலிக் கலவைப் பகுதியில் Advanced Audio Properties திறந்து, Mono பெட்டியில் டிக் போட்டு, ஹெட்போனில் கேளுங்கள். ஒலி திடீரென்று சுருங்கினாலோ காணாமல் போனாலோ கேபிள் தப்பு. சரிசெய்ய, மிக்சர் பக்கம் இரண்டு பட்டை மட்டும் உள்ள மோனோ பி-38, இன்டர்ஃபேஸ் பக்கம் ஆர்சிஏ பின் உள்ள ஒயர் போடலாம். ஒரு பக்கம் மட்டும்தான் ஒலி வரும், பரவாயில்லை. இப்போது அதே Mono டிக் நமக்கு உதவியாகிவிடும், இரண்டு காதுக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும். மேடையில் இருந்து லேப்டாப் வெகு தூரம் என்றால், நீளமான ஒயரைவிட பேலன்ஸ்டு உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸ் வாங்குவதே மேல்.

ஒரு கல்யாணத்துக்கு எப்படி அமைப்பது?

12 சேனல் மிக்சர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் சேனலில் ஐயர் மைக், இரண்டாவதில் நாதஸ்வரம், மூன்றாவதில் அறிவிப்புக்கான கார்ட்லெஸ். நான்காவதில் லைவ்வுக்காகவே கூடுதலாக ஒரு மைக்கைக் கேட்டு வாங்கி, மேடை ஓரத்தில், தவிலில் இருந்து நாலைந்து அடி தள்ளி வைக்க வேண்டும். தவிலும் "ஆசீர்வாதம் பண்ணுங்கோ" என்ற குரல்களும் பெண்கள் சிரிப்பும் அதில்தான் வரும். அது இல்லாவிட்டால் லைவ், ஆளில்லாத அறையில் நடந்த கல்யாணம் போல இருக்கும். நான்காவது சேனலின் ஃபேடரை முழுசாகக் கீழே இறக்கி, ப்ரீ ஃபேடர் ஆக்ஸ் குமிழை மட்டும் திருப்பினால், அந்த ஒலி லைவ்வுக்கு மட்டும் போகும். மண்டபத்து ஸ்பீக்கருக்குப் போகாது, 'கொய்ங்' என்று ஊளையும் இடாது.

அந்த மைக்கை மண்டபத்தின் கடைசியில் வைக்கலாமே என்று தோன்றும். கூடாது. ஒலி 20 மீட்டர் கடக்கச் சுமார் 58 மில்லி செகண்ட் ஆகும். ஐயர் மைக்கில் வந்த சொல்லே அத்தனை தாமதமாக இரண்டாம் முறை வரும். எதிரொலியை ஒழிக்க வந்து எதிரொலியை நாமே செய்த கதையாகிவிடும்.

ஆக்ஸ் குமிழ்களில் ஐயரை 12 மணி நிலையில், அதாவது நடுவில் வைத்துத் தொடங்கலாம். நாதஸ்வரம் 10 மணி, மேடை ஓர மைக் 9 மணி, கார்ட்லெஸ் 12 மணி. பிறகு காதை வைத்துத் திருத்திக்கொள்ள வேண்டியதுதான். சேனலில் சிவப்பு பீக் விளக்கு அடிக்கடி எரிந்தால் ஆக்ஸைக் குறைத்துப் பயனில்லை. ஒலி உள்ளே நுழையும்போதே வெட்டுப்படுகிறது, அந்தச் சேனலின் கெயினைக் குறைக்க வேண்டும். இந்தக் குமிழை மைக் செட்காரரைக் கேட்காமல் தொடாதீர்கள், மண்டபத்துச் சத்தமும் கூடவே மாறும்.

லேப்டாப்பில், ஓபிஎஸ் Sources பகுதியில் Audio Input Capture சேர்த்து யுஎஸ்பி இன்டர்ஃபேஸைத் தேர்வு செய்ய வேண்டும். Settings, Audio பக்கம் போய் Mic/Auxiliary Audio எல்லாவற்றையும் Disabled ஆக்க மறக்கக் கூடாது. இல்லையென்றால் லேப்டாப்பின் சொந்த மைக்கும் சேர்ந்து ஓடும். ஓபிஎஸ் மீட்டரில் பூஜ்யம்தான் கூரை, அதற்கு மேல் இடமில்லை. ஐயர் பேசும்போது மைனஸ் 20-ஐ ஒட்டி, மஞ்சள் தொடங்கும் இடத்தில் ஆடினால் போதும். நாதஸ்வரம் மைனஸ் 12 பக்கம் வரலாம். 'இவ்வளவு கம்மியா இருக்கே' என்று ஏற்றத் தோன்றும், ஏற்ற வேண்டாம். அந்தக் காலி இடம் கெட்டிமேளத்துக்கு ஒதுக்கிவைத்தது.

முகூர்த்தத்துக்கு முன் மேளக்காரர்கள் வாசிக்கும்போதே அவர்களிடம் கேட்டு, "அண்ணே, ஒரு பத்து செகண்ட் கெட்டிமேளம் வாசிச்சுக் காட்டுங்களேன்" என்று சோதித்துவிடலாம். மீட்டர் மைனஸ் 6-ஐத் தாண்டினால் மிக்சரின் ஆக்ஸ் மாஸ்டரைக் குறைக்க வேண்டும். ஓபிஎஸ்-இன் Filters பகுதியில் உள்ள Limiter-ஐ மைனஸ் 6-இல் போட்டுவைப்பது கூடுதல் பாதுகாப்பு. ஆனால் அது இன்டர்ஃபேஸுக்குப் பிறகு வேலை செய்வது. இன்டர்ஃபேஸிலேயே ஒலி வெட்டுப்பட்டிருந்தால், வெட்டுப்பட்டதைத்தான் அதுவும் அனுப்பும்.

கேபிளில் வரும் ஒலி, கேமரா படத்தைவிடக் கொஞ்சம் முந்தி வந்துவிடும். உதடு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம். மைக் முன்னால் ஒருவரைக் கை தட்டச் சொல்லி ஒரு நிமிஷம் பதிவு செய்து பார்த்து, Advanced Audio Properties-இல் உள்ள Sync Offset-இல் 100 மில்லி செகண்டில் தொடங்கி, தட்டும் சத்தமும் சேரும்வரை ஏற்றலாம்.

வாட்ஸ்அப் வீடியோ காலில் காட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மாதிரி ஆப்கள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. நீண்டு ஒலிக்கும் நாதஸ்வர ஸ்வரத்தை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடக்கூடும். கேபிள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அங்கே அடிபடும். ஜூம் என்றால் ஆடியோ அமைப்பில் Original sound for musicians இருக்கிறது, அதை இயக்கிவிட வேண்டும்.

'ம்ம்ம்ம்' என்று ரீங்காரம் வந்தால்

எல்லாம் சரி, ஆனால் பின்னணியில் ஒரு 'ம்ம்ம்' விடாமல் கேட்கிறது. லேப்டாப் சார்ஜரைப் பிளக்கில் இருந்து பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது கிரவுண்ட் லூப். மிக்சர் ஒரு பிளக்கில், லேப்டாப் வேறு மூலையில் இன்னொரு பிளக்கில். இரண்டின் எர்த்துக்கும் இடையே உள்ள சின்ன வித்தியாசம் ஆடியோ ஒயர் வழியாக ஓடுகிறது. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ்தான் அந்த ரீங்காரம்.

முதலில் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகிப் பார்க்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்ற சின்னக் குப்பியை ஒயரின் நடுவில் போடலாம். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர்தான் இருக்கும், ஒலி கடக்கும், எர்த் கடக்காது. சிலர் மிக்சர் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டு "இப்ப பாருங்க, சத்தமே இல்ல" என்பார்கள். ரீங்காரம் நிற்கும், உண்மைதான். ஆனால் ஏதாவது லீக்கேஜ் ஆனால் அந்த மின்சாரம் மைக்கைப் பிடித்திருப்பவரின் கை வழியாகத்தான் இறங்கும்.

சார்ஜரைப் பிடுங்கியும் ரீங்காரம் நிற்காவிட்டால், ஒயரை மிக்சர் முனையில் கழற்றிப் பாருங்கள். அப்போது நின்றால் கோளாறு மிக்சருக்கு முன்னால், ஏதோ ஒரு மைக் ஒயரில் இருக்கிறது. ஒவ்வொரு சேனலின் ஆக்ஸ் குமிழாகக் குறைத்துக்கொண்டே போனால் எது என்று தெரிந்துவிடும். அப்படியும் கேட்டுக்கொண்டே இருந்தால், கோளாறு நம் ஒயரிலோ இன்டர்ஃபேஸிலோதான்.

விழா அன்று கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் நேரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். மிக்சர் அணைந்து எரியும்போது 'டமார்' என்று ஒரு அடி லைவ்வுக்குப் போகும். யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் லேப்டாப்பில் இருந்தே மின்சாரம் எடுப்பதால் பேட்டரியில் தொடர்ந்து ஓடும், லைவ் அறுந்துபோகாது. மோடமும் யுபிஎஸ்ஸில் இருந்தால் போதும். விழா முடிந்ததும் ஒயரைப் பிடுங்குவதற்கு முன் ஓபிஎஸ்ஸில் அந்த ஒலியை மியூட் செய்துவிட்டு, பிறகு மிக்சர் பக்கம் கழற்றலாம். மறு முனையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இன்னும் யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள்.